மிஷின் படுத்த இடம்

கணக்கில் தப்பு வந்தால் எனக்கு முதலில் வருவது கோபம்தான். அதுவும் அடுத்தவர் மேல் வரும்.

தென்காசியில் ஒரு கட்டட காண்டிராக்டரிடம் நான் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். குற்றாலத்தில் ஒரு லாட்ஜுக்கு மேல்மாடி, குத்துக்கல்வலசையில் ஒரு கல்யாண மண்டபம் என்று இரண்டு வேலை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு கலவை மிஷின். லாட்ஜ் வேலை முடிந்து கணக்கை மூடினால் முப்பத்தைந்தாயிரம் நஷ்டம்.

முதலாளி கொதித்துப்போனார். "சிமெண்டு வெல ஏறுனதுக்குத்தான் லாட்ஜ்காரன் துட்டு தந்துட்டாம்லா? பொறவு எப்படிவே நட்டம்?"

ஒப்பந்தத்தில் விலையேற்றப் பிரிவு இருந்தது. மூட்டை முந்நூற்றிருபது ரூபாய் என்று போட்ட விலைக்கு மேல் ஐந்து சதவீதம் வரை ஏறினால் அது எங்கள் பாடு, அதற்கு மேல் ஏறுவது லாட்ஜ்காரர் பாடு. விலை முந்நூற்று அறுபத்தெட்டுக்குப் போனது. முதல் பதினாறு ரூபாயை நாங்கள் சுமந்தோம். மீதி முப்பத்திரண்டை, வரைபடப்படி ஆன ஆயிரத்து எண்ணூறு மூட்டைக்கும் கணக்குப் போட்டு அவர் கொடுத்துவிட்டார். கூடுதலாக மூட்டை செலவழிந்திருந்தால் அதற்குச் சல்லிக்காசு கிடையாது. ஆகவே விலையைச் சாக்குச் சொல்ல முடியாது. சைட்டில்தான் எவனோ தின்றிருக்க வேண்டும் என்று முதலாளி முடிவுகட்டினார். சைட்டில் இருந்தவர் சூப்பர்வைசர் அண்ணாச்சி.

அண்ணாச்சி கணக்கு மூடுவதற்கு முன்பே இரண்டு தடவை என்னிடம் வந்திருந்தார். "தம்பி, மிஷின் அறுநூத்தி நாப்பது மணி நேரம் ஓடுனதா எழுதிருக்கிய. எஞ்சைட்ல அவ்வளவு ஓடலியே."

"கணக்க எனக்குச் சொல்லித் தாறியளா? போய் வேலயப் பாரும்" என்றேன். சே! இப்போது எழுதும்போதும் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை, சம்பளம் வாங்க நின்ற ஆட்கள் அத்தனை பேர் முன்னாலும் முதலாளி அவரைக் களவாணி என்றார். திங்கட்கிழமை முதல் வரவேண்டாம் என்றார். அண்ணாச்சி சைட்டுச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். நான் பேரேட்டில் குனிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் மண்டபக் கணக்கை எடுத்தேன். முந்நூற்றுத் தொண்ணூறு லிட்டர் டீசலுக்குச் சீட்டு இருந்தது. மிஷின் தேய்மானம் என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை. டீசலை என்ன, குடித்தார்களா? மணிக்கு ஒரு லிட்டர் இழுக்கும் மிஷின் அது.

மிஷின் நோட்டைப் புரட்டினேன். முதல் பக்கத்தில் என் கையெழுத்து. லாட்ஜ் வேலை தொடங்கியபோது ஆபரேட்டர் கொடுக்கும் சீட்டெல்லாம் சாரலில் நனைந்து கூழாகி வந்தது. எரிச்சலில் நான்தான் போட்ட உத்தரவு: சாயங்காலம் மிஷின் எங்கே நிற்கிறதோ அங்கே உள்ள வாட்ச்மேன் ஓடிய மணியை மீட்டரில் பார்த்து எழுதவேண்டும், அந்த சைட்டுக்கே பற்று. அப்போது ஒரே ஒரு சைட்தான், குழப்பமில்லை. பிறகு மண்டப வேலை வந்தது. அங்கே வாட்ச்மேன் கிடையாது, பொட்டல்காடு. அதனால் பகலெல்லாம் அங்கே ஓடிய மிஷினை டிராக்டரில் கட்டி இழுத்துவந்து ராத்திரிக்குக் குற்றாலத்தில் நிறுத்தினார்கள். மணி முழுக்க அண்ணாச்சி தலையில் விழுந்தது. நான் உத்தரவை மறந்தே போனேன்.

மிஷின் விலை ஐந்து லட்சத்து அறுபதாயிரம். கடைசியில் பழைய இரும்புக்கு அறுபதாயிரம் வரும். ஐயாயிரம் மணி நேரம் உழைக்கும். ஆக மணிக்கு நூறு ரூபாய் தேய்மானம். முந்நூற்றுத் தொண்ணூறு மணியை மண்டபத்துக்கு மாற்றினால் முப்பத்தொன்பதாயிரம் லாட்ஜ் கணக்கிலிருந்து இறங்கிவிடும். நஷ்டம் போய் நாலாயிரம் லாபம். அண்ணாச்சி ஒரு பைசா தின்னவில்லை.

முதலாளியிடம் நோட்டைக் கொண்டுபோய் என் தப்புதான் என்று சொன்னேன். வண்டை வண்டையாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில், "சரி, அந்த ஆள வரச் சொல்லும்" என்றார். அவ்வளவுதான். அவருக்கு அது முடிந்துபோன விஷயம்.

போன் போட்டேன். அண்ணாச்சி செங்கோட்டை தாண்டிப் புனலூரில் ஒரு வேலையில் சேர்ந்திருந்தார். விஷயத்தை ஒன்றுவிடாமல் சொன்னேன். மணியை மாற்றி எழுதிவிட்டேன், உங்கள் சைட் லாபம், திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்றேன்.

அவருக்குப் பின்னால் ஏதோ மிஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"சந்தோசம் தம்பி. மிஷின் மணிய மண்டபத்துக்கு மாத்திட்டிய. அத்தன பேரு முன்னால என்னையக் களவாணின்னாருல்லா, அத எந்த சைட்டுக்கு மாத்துவிய?"