அவுரி கறுத்த காலை

கோவளத்துச் சுல்தான் பீவிக்குத் தலை முழுக்க நரை. ரங்கூனுக்குக் கப்பலேறிய கணவர் இளவயதிலேயே கடலோடு போனவர். அவர் தினமும் வாசலில் வந்து நின்று, நரைத்த தன்னை அடையாளம் தெரியாமல் திரும்பிப் போவதாக அவள் புலம்பினாள்; முடியைக் கறுப்பாக்கிவிடச் சொல்லி நச்சரித்தாள். தலைக்குக் கறுப்பு ஆகாது, மருதாணிதான் நம் வழக்கம் என்று சண்டை பிடித்த மகள் ஃபக்ருன்னிசாவுக்கே ஐம்பத்தைந்து வயது, அவள் தலையும் நரைத்துப்போயிருந்தது. கடைசியில் அலுத்துப்போய் இணங்கினாள்.

கடையில் வாங்கிய சீசாச் சாயத்தால் ஒருமுறை கொப்புளம் போட்ட தலை அம்மாவுடையது. தோலோ வெங்காயச் சருகு. அதனால் முந்தின நாளே பொடியைக் கொஞ்சம் குழைத்துக் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தாள் மகள். நெற்றியோரம் தேங்காயெண்ணெய் பூசி, சீப்பைத் தொடாமல் விரலாலேயே மருதாணியை அப்பி ஊறவைத்து அலசினாள். பிறகு கறுப்பேற்றும் அவுரி இலைப்பொடியைக் குழைத்துப் பூசினாள். வெதுவெதுப்பான தண்ணீரில் அலசியபோது முடி பாசி படிந்தாற்போலப் பச்சையாக இருந்தது.

"காலையில கறுத்துடும். சும்மா இரும்மா."

விடிந்ததும் கூந்தல் கன்னங்கரேலென்று இருந்தது. பாயில் உட்கார்ந்து அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்கத்தா வந்தாரு ஃபக்ரு. என்னைக் கண்டுகினாரு."

"இன்னா சொன்னாரு?"

"உன் பக்கத்துல படுத்துகினு கீதே, அந்த நரச்ச கெழவி யாருன்னு கேட்டாரு."