தை மாதத்தில் எழுதாமல் விட்ட வரி

வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கையொன்றில், மூன்றாம் மாடியில் இருந்தது ஜீவராஜின் உடற்பயிற்சி நிலையம். கொட்டாஞ்சேனையிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து அதன் வரவேற்பு மேசையில் அமர்பவள் சுபோதினி. திருநீறு அணியாமல் வீட்டுப் படியிறங்காதவள். நிலையத்தின் முகநூற் பக்கத்தில் படங்களின் கீழ் வரும் வாசகங்களை எழுதுவதும் அவளே. ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று ஒற்றை வரியில் தப்பிக்கொள்ளும் மற்ற நிலையங்களின் விளம்பரங்கள் அவளுக்கு அருவருப்பைத் தந்தன.

ஆகவே பொங்கற் சலுகையின் வாசகத்தை ஒளிவுமறைவின்றி எழுதினாள்: “ஓராண்டு உறுப்புரிமை எழுபத்திரண்டாயிரம் ரூபா, வரி உட்பட. கருவிகள் அனைத்தும், பூட்டுப் பெட்டியும், மாதம் இருமுறை பயிற்றுநரின் வழிகாட்டலும் இதில் அடங்கும். தனிப்பயிற்சிக்கும் உணவுத் திட்டத்துக்கும் கட்டணம் வேறு. பதினான்கு நாட்களுக்குள் விலகினால் முழுப்பணமும் திருப்பித் தரப்படும். அதன்பின், நோயால் தொடர இயலாதவர் மருத்துவரின் கடிதம் தந்தால் மீதி மாதங்களுக்குரிய பணம் தரப்படும். வேறு காரணங்களுக்குத் தரப்படமாட்டாது.”

அவளது முதல் வரைவில் இன்னுமொரு வரி இருந்தது. உறுப்பினர் இறந்தால் மீதிப் பணம் குடும்பத்தாருக்கு உரியது என்ற வரி. பொங்கற் பானையின் படத்துக்குக் கீழே, தை பிறக்கும் நாளில், சாவு என்ற சொல்லை இட அவள் கை கூசிற்று. அவ்வரியை அழித்துவிட்டு வெளியிட்டாள். ஜீவராஜ் அதைக் கண்டதே இல்லை.

அந்த வாசகத்தைப் படித்து நம்பி வந்தவர்களுள் ஒருவர் பாலசுந்தரம். சர்க்கரை வியாதிக்கு நடக்கச் சொன்னார் வைத்தியர். காலி வீதி என்னும் அந்தப் பெருந்தெருவின் நெரிசலில் எங்கே நடப்பது என்று கேட்டு, சேமிப்பிலிருந்து பணத்தைக் கட்டினார். மாசி முடியுமுன் ஒரு விடியலில், வீட்டில், உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்ததும் அவர் மனைவி சரோஜினிதேவி படியேறி வந்தார். வீட்டுக்காரர் அடுத்த ஆண்டுக்கான வாடகை முழுவதையும் முற்பணமாகக் கேட்கிறார் என்றும், குறைகிற தொகைக்குக் கணவர் இங்கே கட்டியதில் மீதியையே தான் நம்பியிருப்பதாகவும் மெல்லிய குரலில் சொன்னார். கையில் மரணச் சான்றிதழ் இருந்தது. அவரை மேசையருகே அமர்த்திவிட்டுச் சுபோதினி உள்ளே போனாள்.

ஜீவராஜ் கொடியவனல்லன், மின்கட்டணமும் கட்டட வாடகையும் அவன் கழுத்தையும் நெரித்தன. தொலைபேசியில் வாசகத்தை எடுத்து நிதானமாகப் படித்தான்.

“இதில நோய், வருத்தம் எண்டுதானே கிடக்கு, சுபோ. செத்தால் எண்டு எங்க கிடக்கு?”

“எழுதினனான் அண்ணை. நாள் நல்ல நாள் எண்டு நான்தான் அழிச்சனான்.”

“அப்ப நல்லதாப் போச்சு.” சொன்னபின் அவனே கூசி, குரலைத் தாழ்த்தினான். “எழுதாததுக்கு ஒருத்தருக்குக் குடுத்தால் நாளைக்கு எல்லாரும் வருவினம். எழுதினதில ஒரு சதம் குறைச்சனானே நான்?”

குறைத்ததில்லை, அது மெய். அவ்வளவு சுத்தமாக எழுதப்பட்டிருந்தமையே அவனுக்கு அரணாயிற்று. மங்கலாக ஏதேனும் எழுதியிருந்தால் வழக்காடியிருக்கலாம். ‘வேறு காரணங்களுக்குத் தரப்படமாட்டாது’ என்று அடைத்தவள் அவளே. செத்தவரிடம் மருத்துவரின் கடிதம் கேட்பது எந்த நியாயம் என்று கேட்டுப் பார்த்தாள். மீதி மாதங்களுக்கு அந்த அம்மாவே வந்து நடக்கட்டும் என்றான் அவன். பரிகாசமாகச் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. கடைசியில், இனிமேலாவது அந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்று அவள் பிடிவாதமாக நின்றாள். அவன் ஒப்புக்கொண்டான். இன்றிலிருந்து சேர்பவர்களுக்கு மட்டும் என்பதையும் தெளிவாகப் போடச் சொன்னான். அவன் முன்னிலையிலேயே அவள் அதைப் போட்டாள்.

வெளியே வந்து, பூட்டுப் பெட்டியைத் திறந்து, பாலசுந்தரம் நடக்க அணிந்த சப்பாத்துகளை ஒரு பையிலிட்டு நீட்டினாள். இல்லை என்ற பதிலைச் சொன்னாள். வரியை அழித்தது தானே என்பதையும் மறைக்கவில்லை.

சரோஜினிதேவி அழவில்லை. “சா எண்டு நானும் தை மாதத்தில வாய் திறக்கமாட்டன், பிள்ளை,” என்றார். பிறகு, “இப்ப என்ன எழுதினனீர்? ஒருக்கா வாசியும்,” என்று கேட்டார்.

சுபோதினி வாசித்தாள்: “இன்றிலிருந்து இணையும் உறுப்பினர் இறக்க நேரிட்டால், மீதி மாதங்களுக்குரிய பணம் குடும்பத்தாருக்குத் தரப்படும்.”

“வடிவா விளங்குது,” என்றார் அவர். பையை மார்போடு அணைத்து, படிக்கட்டின் கைப்பிடியைப் பற்றி இறங்கத் தொடங்கினார்.