டிரைவர் வீட்டுத் தூக்கம்

மனநல வெளிநோயாளர் பிரிவில் அந்த அம்மாளை எல்லோரும் 'ஒருபக்க சிஸ்டர்' என்றுதான் கூப்பிட்டார்கள். இருபது வருஷம் வார்டில் ஓடியாடிய நர்ஸ். முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் நாற்காலி வேலை கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். நோயாளிகளின் போனுக்குத் தினமும் காலை எட்டு மணிக்கு மூன்று கேள்விகள் போகும். நேற்று இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்? இப்போது மனநிலை எப்படி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள்? வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா? வாரக்கணக்கில் சேரும் பதில்களை டாக்டர் பார்க்கும்படி ஒரே பக்கத்தில் சுருக்கித் தருவதுதான் சிஸ்டரின் வேலை. டாக்டருக்கு ஓர் ஆளுக்கு ஏழு நிமிஷம். இரண்டாவது பக்கம் என்று ஒன்று இருந்தால் அது குப்பைக்கூடைக்குத்தான்.

வேலையில் சிஸ்டர் கறார். பதில் வராத நாளைக் காலியாக விடுவாரே தவிர, அங்கே பூஜ்யம் போடமாட்டார். அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் அப்படிப் பூஜ்யம் போட்டு, பத்து நாள் ஊருக்குப் போயிருந்த ஒரு மனிதர் கண்ணையே மூடவில்லை என்று காட்டி, அவரை அட்மிட் பண்ணுகிற வரைக்கும் கொண்டுபோய்விட்டார். மொத்தத்துக்கும் ஒரே சராசரி போடுவதும் சிஸ்டருக்குப் பிடிக்காது. ஒரு நாள் ஒன்றும் மறுநாள் ஐந்துமாகத் தவிக்கிற மனசைச் சராசரி 'மூன்று, பரவாயில்லை' என்று மூடி மறைத்துவிடும். அதனால் கிழமை கிழமையாகப் பிரித்துப் பார்ப்பார். தன் கண்ணில் எதுவும் தப்பாது என்பதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்தத் தலைக்கனத்தில் கல் விழுந்தது ஒரு பஸ் டிரைவருக்கான பக்கத்தில்.

ஓய்வு பெற்ற மனிதர். வேலை போனதும் வாயும் போய்விட்டது என்று மனைவி கூட்டிக்கொண்டு வந்திருந்தார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார். நாற்பத்திரண்டு நாளில் முப்பத்தெட்டு நாள் பதில் வந்திருந்தது. முதல் ஒன்பது நாளும் 'எட்டு, மூன்று, ம்' என்பதோடு சரி. பத்தாம் நாளிலிருந்து மடை திறந்தது போல எழுத்து. 'படுத்தாலும் அடுப்படி வேலைதான் கண்ணில் நிற்கிறது.' 'இன்றைக்கு யாரும் என்னோடு பேசாமல் இருந்தால் போதும்.'

பத்தாம் நாளில் இந்த மாற்றம் வந்ததை சிஸ்டர் கவனிக்காமல் இல்லை. மாத்திரை வேலை செய்கிறது, மனிதர் வாய் திறந்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டார். அடுப்படி என்றதும் ஒரு கணம் இடித்தது. ஓய்வு பெற்றபின் வீட்டு வேலையில் கைகொடுக்கிறார் போலிருக்கிறது, நல்ல மனுஷன் என்று அதையும் அவர் பெயரிலேயே வரவு வைத்தார்.

பக்கம் தயாரானது. மற்ற நாட்களில் பெரும்பாலும் ஏழு மணி நேரத் தூக்கம், மனநிலை நான்கு. பதில் வந்த பன்னிரண்டு திங்கள், வியாழனில் எட்டு நாள் மட்டும் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவான தூக்கம், மனநிலை இரண்டு. கீழே வழக்கம்போல, 'இது ஒரு போக்கு மட்டுமே. காரணம் தெரியவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

டிரைவரும் மனைவியும் மறுபடி வந்த அன்று, டாக்டர் அதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இளவயசு, கெட்டிக்காரர், காரணம் தெரியவில்லை என்ற வார்த்தையே ஆகாது.

"மாத்திரைதான் தூக்கத்தைக் கெடுக்குது. அளவைக் குறைச்சிடலாம்" என்றார்.

"யாருக்குத் தூக்கம் கெடுது?" என்று டிரைவர் கேட்டார்.

"உங்களுக்குத்தான். திங்கள், வியாழன் காலையில பாருங்க, முந்தின ராத்திரி அஞ்சு மணி நேரம்கூடத் தூங்கலையே."

"நானா? படுத்தா காலையிலதான் சார் எந்திரிப்பேன். வேணும்னா இவளையே கேளுங்க."

டாக்டர் சிஸ்டர் பக்கம் திரும்பி, தூங்காததையே உணராதவர்களும் உண்டு என்பது போலக் கண்ணைக் காட்டினார். சிஸ்டரோ டிரைவரின் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

"டாக்டர், ஒரு நிமிஷம். அளவை இப்ப மாத்தாதீங்க" என்றார் சிஸ்டர். "அம்மா, இவரு போன் யார்கிட்ட இருக்கும்?"

ஜிப் நின்றது.

"என்கிட்டதான். இவரு எடுக்கவே மாட்டாரு. முதல்ல இவரையே கேட்டுக் கேட்டுத்தான் போட்டேன். அப்புறம் ஒருநாள் இவரு குளிக்கப் போயிருந்தாரு, மெசேஜ் வந்துச்சு. எப்படித் தூங்கினீங்க, மனசு எப்படி இருக்குன்னு கேட்டிருந்துச்சு." அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "கல்யாணமாகி முப்பத்தாறு வருஷம் ஆச்சு சிஸ்டர். யாரும் கேட்டதில்ல. சொல்லிட்டேன்."

டிரைவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார், சைடு கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைப் பார்ப்பது போல.

சிஸ்டருக்கு முகம் சுண்டிவிட்டது. கூட்டலில் ஒரு பிழையும் இல்லை. ஆள்தான் பிழை. பன்னிரண்டில் விலகி நின்ற நான்கு நாட்களில் மூன்று அந்த முதல் ஒன்பது நாளுக்குள் வந்தவை. அது எதிரிலேயே இருந்தது. அதை அவர் விதிவிலக்கு என்று ஒதுக்கித் தள்ளியிருந்தார். பக்கத்தை வாங்கி நடுவில் கோடு போட்டார். மேலே டிரைவருடைய ஒன்பது நாள். அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கீழே வேறொருவருடைய இருபத்தொன்பது நாள்.

மாத்திரை அளவு அப்படியே நின்றது. டிரைவரை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டர் மனைவியிடம் தனியாகப் பேசினார்.

"திங்கள், வியாழன் அப்படி என்னம்மா?"

"நாத்தனார் வர்ற நாள் சார்."

டாக்டர் படித்த எந்தப் புத்தகத்திலும் அது நோய்க் காரணங்களின் பட்டியலில் இல்லை. ஆனாலும் அந்த அம்மாளைப் பரிசோதித்து, அவருக்கும் தனியாக ஒரு ஃபைல் திறந்து, அவருடைய சொந்த போனுக்கே கேள்விகள் போக ஏற்பாடு செய்தார். அந்த அம்மாள் சிஸ்டரிடம் தன் பாதியை மட்டும் பிரிண்ட் போட்டு வாங்கிக்கொண்டார். அதை யாரிடம் காட்டுவது என்பது அவர் இஷ்டம்.

ஆறு வாரம் கழித்து இரண்டு பேரும் வந்தார்கள். இப்போது இரண்டு பக்கம். டிரைவர் தானே பதில் போடப் பழகிவிட்டார். 'எட்டு, நான்கு, சரி.' அவருக்கு இது பெரிய முன்னேற்றம், 'ம்' போய் 'சரி' வந்திருந்தது.

மனைவியின் பக்கத்தில் திங்களும் வியாழனும் மற்ற நாட்களைப் போலவே ஏழு மணி நேரத்துக்கு ஏறியிருந்தன. சனிக்கிழமை மட்டும் பள்ளத்தில் கிடந்தது.

"வீட்டுல இவர்கிட்ட அந்தப் பேப்பரை நீட்டினேன்" என்றார் அந்த அம்மாள், கணவர் வெளியே உட்கார்ந்திருந்தபோது சிஸ்டரிடம். "ரொம்ப நேரம் உத்துப் பார்த்தாரு. பஸ் டைம் அட்டவணை மாதிரி. பார்த்துட்டு, திங்களும் வியாழனும் உனக்குச் சரிப்படல, அவளைச் சனிக்கிழமைக்கு மாத்திடறேன்னுட்டாரு."

"உங்களுக்குக் கிழமைதான் பிரச்சினைன்னு நினைச்சுட்டாரா?"

"ஆமா. பிரச்சினையத் தீர்த்துட்டோம்னு ஒரே சந்தோஷம் அவருக்கு. பாவம், நானும் ஒண்ணும் சொல்லல."

டிரைவரின் பக்கத்தை சிஸ்டர் கிழமைவாரியாக ஏற்கெனவே பிரித்து வைத்திருந்தார். சனிக்கிழமைகளில் மட்டும் அவருக்கு மனநிலை ஐந்து. ஒருவர் பக்கத்தில் இருப்பதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பது விதி. சிஸ்டர் உதட்டைக் கடித்துக்கொண்டு, மனைவியின் பக்கத்தில் இப்படி எழுதினார்: 'தூக்கம் குறையும் நாட்கள் வாரத்துக்கு இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைந்துள்ளன.'

டாக்டர் படித்துவிட்டு, "நல்ல முன்னேற்றம்" என்றார். ஏழு நிமிஷத்தில் இரண்டு நிமிஷம் மிச்சமிருந்தது.