ஐஸ் மெஷினின் ஹோல்டிங் காண்டாக்ட்

"ஸ்டார்ட்ட அவங்கதான் அமுக்கியிருக்காங்க. லேடர் புரோகிராம்ல ஒரு தப்பும் இல்ல" என்று புரோகிராம் எழுதிய இன்ஜினியர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வைத்திக்குப்பத்துப் படகுகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுக்கும் கம்பெனி அது. நான் அங்கே எலக்ட்ரீஷியன். முந்தின நாள் கரண்ட் போனதும், அரவை மெஷினில் சிக்கிய கட்டியைக் கையால் இழுக்கப் போனார் அங்கே வேலை பார்க்கும் அக்கா. கரண்ட் வந்தது, மெஷின் தானாகச் சுற்றியது. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. தானாக எப்படி ஓடும், அவரே ஸ்டார்ட்டைத் தட்டியிருப்பார், கவனக்குறைவு என்று முதலாளி எழுதிவிட்டார். அந்தத் தாள் நின்றால் அக்காவுக்கு வேலையும் இல்லை, நஷ்டஈடும் இல்லை.

திரையில் இருந்தது பார்வைக்குச் சரியான வரிதான். இடப்பக்கம் ஸ்டாப், அடுத்து ஸ்டார்ட், வலப்பக்கக் கடைசியில் மோட்டாரை ஓட்டும் அவுட்புட். ஸ்டார்ட்டிலிருந்து விரலை எடுத்தால் வரி அறுந்துபோகுமே, அதற்காக ஸ்டார்ட்டுக்குக் கீழே பக்கவழியாக இன்னொரு காண்டாக்ட். அவுட்புட் வந்ததும் அது வரியைப் பிடித்துக்கொள்ளும், ஸ்டாப்பை அமுக்கினால் விட்டுவிடும். புத்தகத்தில் சீல்-இன், எங்கள் வாயில் ஹோல்டிங். கரண்ட் போனாலும் அது விட்டாக வேண்டும். திரும்ப ஓட ஒருவர் ஸ்டார்ட்டை அமுக்க வேண்டும்.

எல்லாரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஓடிக்கொண்டிருந்த மெஷினின் மெயினை இறக்கினேன். மெஷின் நின்றது. திரையில் அந்த வரி பச்சையாகவே எரிந்தது. அந்த வரியை ஓட்டும் சின்னக் கம்ப்யூட்டரான பிஎல்சி, யுபிஎஸ் பேட்டரியில் உயிரோடு இருந்தது. மோட்டாருக்குக் கரண்ட் விடும் காண்டாக்டர் விழுந்தது அதற்குத் தெரியவே தெரியாது. ஹோல்டிங்கைக் காண்டாக்டரிலிருந்து எடுக்காமல், பிஎல்சியின் சொந்த அவுட்புட்டிலிருந்தே எடுத்து எழுதியிருந்தார் மகானுபாவர். மெயினை ஏற்றினேன். ஒருவரும் ஸ்டார்ட்டைத் தொடவில்லை. மெஷின் உறுமிக்கொண்டு ஓடியது.

"இப்ப யார் சார் அமுக்குனது?" என்று கத்தினேன்.

"சத்தம் போடாத. மாத்திட்டுப் போ. வெளிய பேசாத" என்றார் முதலாளி.

மாற்றினோம். காண்டாக்டரின் துணைக் காண்டாக்டிலிருந்து பிஎல்சிக்கு ஒரு ஒயர் இழுத்து, ஹோல்டிங்கை அதற்கு மாற்றி எழுத வைத்தேன். இனி காண்டாக்டர் விழுந்தால் வரியும் விழும். அரை மணி நேர வேலை. அதை முன்பே செய்திருந்தால் அக்காவின் விரல்கள் போயிருக்காது.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்கா கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நாந்தான் தெரியாம அமுக்கிட்டேன் போல இருக்குது தம்பி. எல்லாரும் சொல்றாங்க. யோசிச்சா எனக்கும் அப்பிடித்தான் தோணுது."

"இல்லக்கா. நீங்க தொடவே இல்ல. அடிக்கடி கரண்ட் போவுதுன்னு பிஎல்சிக்கு யுபிஎஸ் போட்டது நான். அன்னைக்கு அந்த வரிய நான் படிச்சுப் பாக்கல. நடந்தத எல்லாம் எழுதி, கையெழுத்துப் போட்டு எடுத்தாந்திருக்கேன்."

அக்கா இடது கையை நீட்டி அந்தத் தாளை வாங்கிக்கொண்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.