‘ர’ வராத வரைக்கும்

மாடியில் இருப்பவள் மூத்த மருமகள். கீழே இருப்பவள் இளைய மருமகள். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வேன் ஓட்டுவது அவள் தொழில்தான், ஆனால் அதையே பெயராக்கியது மாடிக்காரி. “நம்ம வீட்டு வேன்காரி” என்று அவள் வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, கடைசியில் தெருவே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டது. வேன்காரி அதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாதது வேறொன்று.

வேன்காரியின் மூத்த மகளுக்கு மூன்று வயது இருக்கும்போது குடும்பத்தோடு ஊருக்குப் போகப் பஸ் நிலையத்தில் நின்றார்கள். குழந்தை சூட்கேஸின் மேல் ஏறி உட்கார்ந்து, அதன் பெயரைப் பெருமையாகச் சொன்னாள். அந்த வயசு நாக்குக்கு ‘ட்’ என்று மடங்கத் தெரியாது, பல்லில் போய் முட்டி ‘த்’ என்றுதான் வரும். சூட்கேஸில் அந்த ஒரு எழுத்தை மாற்றி நீங்களே சொல்லிப் பாருங்கள், கதவைச் சாத்திவிட்டு. மாடிக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். “இன்னொரு தடவ சொல்லுடி தங்கம்!” என்று போனைத் தூக்கிப் பிடித்தாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். நம்மால் இத்தனை பேர் சந்தோஷப்படுகிறார்களே என்று குழந்தையும் திரும்பத் திரும்பச் சொன்னாள், குதித்துக் குதித்துச் சொன்னாள்.

அந்த வீடியோ சொந்தக்காரர்களின் போனெல்லாம் சுற்றிவிட்டு, பிறகு பள்ளிக்கூடத்துக்கே வந்து சேர்ந்தது. பெரிய பிள்ளைகள் அவளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டு ஓடினார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்த நாளிலிருந்து வாய் பூட்டிக்கொண்டது. இப்போது இரண்டாம் வகுப்பு. நாக்கு எப்போதோ திருந்திவிட்டது, ஆனால் டீச்சர் படிக்கச் சொன்னால் எழுந்து நிற்பாள், உதடு திறக்காது. பக்கத்து வீட்டார் ஏதாவது கேட்டால் அம்மாவின் காதில்தான் பதில் சொல்வாள். வாய் பூட்டிய புதிதிலேயே வீடியோவை அழிக்கச் சொல்லி வேன்காரி மாடிப்படி ஏறிக் கேட்டாள். “ஒரு தமாஷுக்கு எடுத்தது. இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கிட்டு வந்துட்டா” என்று கதவு சாத்தப்பட்டது. அன்றைக்கு அந்தப் படியில் இறங்கும்போது வேன்காரி மனசுக்குள் ஒன்று முடிவு செய்தாள். இதற்குப் பதில் சொல்லாமல் விடமாட்டேன், எத்தனை வருஷம் ஆனாலும் சரி.

பதில், அவள் பெற்ற இரண்டாவது பிள்ளையின் வாயிலேயே வந்தது.

குட்டிப்பயலுக்கு இரண்டரை வயது. அவனுக்கு ‘ர’ வராது, அந்த இடத்தில் ‘ய’ வரும். ‘மரம்’ மயம் ஆகும், ‘பூரி’ பூயி ஆகும். ஒருநாள் மாடிக்காரி விருந்தாளிகளோடு படியில் இறங்கி வந்தாள். பயல் கையை நீட்டி, பெரியம்மா என்று ஆசையாகக் கூப்பிட்டான். ‘ர’ வழுக்கி, பின்னால் இருந்த ‘ய’வோடு ஒட்டிக்கொண்டு, வெளியே வந்தது இதுதான்: “பேயம்மா!”

விருந்தாளிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாடிக்காரி முகத்தில் ஈயாடவில்லை. புருவம் தீட்டாமல் பால் வாங்கக்கூடக் கீழே வராதவள் அவள்.

வேன்காரிக்கு வயிறு குலுங்கிச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. நாள் முழுக்க வேனில் வாண்டுகளோடு மல்லுக்கட்டுகிறவள் ஆயிற்றே, அந்தச் சங்கதி அவளுக்குத் தெரியும். தப்பாகச் சொல்லும் பிள்ளையைப் பார்த்துச் சிரித்தால், அதைச் சொன்னால் எல்லாரும் கொண்டாடுகிறார்கள் என்று நூறு தடவை சொல்லும். திட்டினால், இந்த வார்த்தையில் ஏதோ பவர் இருக்கிறது என்று இருநூறு தடவை சொல்லும். இரண்டும் கூடாது. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, சரியான வார்த்தையை நம் பேச்சில் போட்டுத் திருப்பிச் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும். அதைத்தான் செய்தாள்.

“ஆமா, பெரியம்மா வந்திருக்காங்க. பெரியம்மாகிட்ட உன் பந்தைக் காட்டு.”

விருந்தாளிகள் போன பிறகு மாடிக்காரி திரும்பி வந்து குதித்தாள். “நீதான் சொல்லிக் குடுத்திருக்கே!”

“ஐயோ அக்கா, அவனுக்கு ‘ர’ வரலக்கா.”

“ரெண்டு போட்டா தன்னால வரும்.”

“அடிச்சா அந்த வார்த்தை இன்னும் ஒட்டிக்கும்க்கா. சிரிச்சாலும் ஒட்டிக்கும். நாம சரியாச் சொல்லிட்டே இருந்தா அதுவா வந்துரும். சில பிள்ளைங்களுக்கு ‘ர’ வர அஞ்சு வயசுகூட ஆகும். நீங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க.”

இதைச் சொல்லும்போது அவள் குரலில் பணிவு வழிந்தது. நெஞ்சுக்குள் தேன் வழிந்தது. எத்தனை நல்ல பழி பாருங்கள்! ஒரு சொல் தப்பில்லை, ஒரு செயல் தப்பில்லை. எந்த டாக்டரிடம் போய்க் கேட்டாலும் அவள் செய்வதுதான் சரி என்பார். அவள் சரியாகச் செய்யச் செய்ய, மாடிக்காரி காலையும் மாலையும் பேயம்மாவாகவே படி ஏறி இறங்கினாள்.

ஒன்றை மட்டும் வேன்காரி செய்யவில்லை. ‘ர’ வராத பிள்ளைக்கு அதுவரைக்கும் ஒரு சுலபமான பெயரைப் பழக்கலாம். ‘பெம்மா’ என்று சொல்லிக் கொடுத்திருந்தால் பயல் மறுநாளே பிடித்துக்கொண்டிருப்பான். வேனில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்படிச் சுலபப் பெயர்களைப் பழக்கியவளே அவள்தான். அந்த வழி தெரிந்திருந்தும் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

கணவனுக்கு லேசாகச் சந்தேகம். “உனக்கு இதுல ஒரு குஷி இருக்குல்ல?”

“இருக்கு” என்றாள் அவள், இஸ்திரிப் பெட்டியை எடுத்தபடி. “என் பொண்ணு வாயத் திறக்கட்டும், அன்னிக்கு விட்டுடறேன்.”

மாடிக்காரி ஒரு அலுவலகத்தில் மேற்பார்வையாளர். அந்த மாதம் அவளுக்கு விருப்ப ஓய்வு, பாராட்டு விழா என்று ஏற்பாடு. குடும்பத்தோடு வர வேண்டும் என்று அவளே முன்பு சொல்லியிருந்தாள். விழாவுக்கு முந்தின நாள் படியிறங்கி வந்து, நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சின்னவனை அங்க கூட்டிட்டு வரணுமா? சத்தம், கூட்டம்...”

“அவனுக்குக் கூட்டம்னா உயிருக்கா. உங்களை மேடையில பாக்கணும்னு ஒரே அடம்” என்று வேன்காரி கூசாமல் புளுகினாள்.

விழாக் கூடத்தில் வேண்டுமென்றே நடு வரிசையில் உட்கார்ந்தாள். மடியில் பயல், பக்கத்தில் மகள். மேடையில் மாடிக்காரி பூங்கொத்தோடு நின்றாள். அதிகாரி மைக்கில் அவள் கண்டிப்பைப் புகழ்ந்து முடித்து, தண்ணீர் குடிக்க நிறுத்தினார். கூடம் அமைதியாக இருந்தது. பயல் எழுந்து நின்று, தொண்டை கிழியக் கூப்பிட்டான்.

“பேயம்மா!”

முதலில் கடைசி வரிசையில்தான் சிரிப்பு கிளம்பியது. அங்கேதான் அவளிடம் வருஷக்கணக்காக வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். “கரெக்டா கண்டுபிடிச்சிட்டான்யா!” என்று ஒரு குரல். அவ்வளவுதான், கூடமே உடைந்து சிரித்தது. மேடையில் அவள் பூங்கொத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டாள். வேன்காரிக்கு நெஞ்சு குளிர்ந்தது. இத்தனை வருஷத்துக்கும் சேர்த்துக் குளிர்ந்தது.

முன் இருக்கைக்காரர் போனோடு திரும்பி, மேடைவரை கேட்கக் கத்தினார். “இன்னொரு தடவ சொல்லு ராஜா!”

பயல் சிரிக்கும் முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தான். கண்கள் பளபளத்தன. மூச்சை இழுத்துக்கொண்டான். அப்போதுதான் பக்கத்து நாற்காலி காலியாக இருப்பதை வேன்காரி கவனித்தாள். மகள் கீழே, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவில், காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

குளிர்ந்த நெஞ்சு பற்றி எரிந்தது. தான் இத்தனை நாள் ஊட்டி வளர்த்தது யார் தலையில் விழப் போகிறது என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

“ஆமா, பெரியம்மாதான்” என்றாள், வீட்டில் பேசுவது மாதிரியே. “பெம்மா கையில பூ இருக்கு பாரு. சிவப்புப் பூ எங்க, காட்டு.” பயல் இழுத்த மூச்சைப் பூவைத் தேடுவதில் செலவழித்தான். அவள் போன்காரரைப் பார்த்தாள். “அண்ணே, போனை இறக்குங்க. எடுத்திருந்தா இப்பவே அழிச்சிடுங்க.” அந்தக் குரலுக்கு வேனில் முப்பது பிள்ளைகள் அடங்குவார்கள். அவரும் அடங்கினார். சிரிப்பு தேய்ந்தது, பயல் தண்ணீர் கேட்டான், அதிகாரி பேச்சைத் தொடர்ந்தார்.

வீடு திரும்பும்போது வேனில் மாடிக்காரி கேடயத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆண்கள் பைக்கில் முன்னால் போய்விட்டார்கள். பயல் தூங்கிவிட்டான். கொஞ்ச தூரம் போனதும் மாடிக்காரி கேட்டாள்.

“இப்ப உனக்குத் திருப்தியா?”

“பாதி திருப்தி. பஸ் ஸ்டாண்டுல என் பொண்ணுக்கு நீங்க செஞ்சதுல பாதிகூட இல்ல இது.”

“எந்த பஸ் ஸ்டாண்டு?”

கேலி இல்லை, நடிப்பும் இல்லை. அவளுக்கு உண்மையாகவே ஞாபகமில்லை. வேன்காரி தினம் தினம் எண்ணெய் ஊற்றி எரியவிட்டது, இவளிடம் ஒரு பொறிகூட இல்லாமல் போயிருக்கிறது! வேனை ஓரமாக நிறுத்திவிட்டு உள்ளே திரும்பினாள்.

“போனை எடுங்க. சூட்கேஸ் வீடியோ. தேடுங்க.”

மாடிக்காரி தேடினாள், கிடைத்தது. சத்தம் வேன் முழுக்க நிரம்பியது. கூட்டத்தின் சிரிப்பு, குழந்தையின் கீச்சுக்குரல், எல்லாவற்றுக்கும் மேலே அவளுடைய சொந்தக் குரல்: “இன்னொரு தடவ சொல்லுடி தங்கம்!” சற்று முன்னால் கூடத்தில் தன்னைக் குத்திய அதே வார்த்தைகள். அவள் கட்டைவிரல் திரையின் மேலேயே நின்றது. பிறகு அழுத்தினாள்.

“அழிச்சிட்டேன்” என்றாள். “தப்புதான். போதுமா?”

“என்கிட்ட கேக்காதீங்க. அவகிட்ட கேளுங்க.”

மாடிக்காரி மெல்லப் பின் இருக்கைப் பக்கம் திரும்பினாள். “போதுமாடா கண்ணு?”

மகள் அம்மாவின் காதைத் தேடவில்லை. நேராகப் பெரியம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு ‘ர’ எப்போதோ வந்துவிட்டது. எல்லா எழுத்தும் சுத்தமாக வரும்.

“போதாது, பேயம்மா” என்றாள்.

கணீரென்ற குரல். இவ்வளவு நாளும் எங்கே வைத்திருந்தாளோ. வேன்காரி சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டாள். சரியான வார்த்தையை மட்டும் அவள் திருப்பிச் சொல்லவில்லை, முன்னால் திரும்பி வேனைக் கிளப்பினாள்.