j திரும்பி வராது

எங்கள் கல்லூரிக் கணினித் துறையில் அக்காவைப் பிடிக்காதவர்கள் இரண்டு வகை. அவரிடம் பாடம் படித்தவர்கள் ஒரு வகை, அவரோடு உட்கார்ந்து விடைத்தாள் திருத்தியவர்கள் இன்னொரு வகை. நான் இரண்டாம் வகையில் இருந்தேன். பிறகு ஸ்டாஃப் ரூமில் என் மேசையை அவர் மேசைக்குப் பக்கத்தில் தள்ளிப் போட்டார்கள். தினமும் பக்கத்தில் இருப்பவரை எத்தனை நாள்தான் வெறுக்க முடியும்? கடைசியில் அவருக்கு நான் தம்பியாகிவிட்டேன்.

அக்கா நடத்தியது அல்காரிதம் பாடம், ஒரு கணக்கை எந்த வழியில் போட்டால் சீக்கிரம் முடியும் என்று பார்க்கிற பாடம். கல்லூரிக்கு வருவதற்கு முன் ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார். அங்கே கிடங்கு இருப்பைச் சரிபார்க்கும் புரோகிராம் ஒன்றை ஓடவிட்டுவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விடுவார்களாம், மறுநாள் வந்தால்தான் முடிந்திருக்கும். அக்கா அதில் ஒரே ஒரு லூப்பை, அதாவது திரும்பத் திரும்ப ஓடுகிற ஒரு பகுதியை, மாற்றினார். டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தில் கொஞ்சம் கர்வம் தெரியும். மற்றபடி சிடுமூஞ்சி.

அவர் வைக்கிற டெஸ்டில் கேள்விகள் எல்லாம் ஒரே அச்சு. இரண்டு புரோகிராம் கொடுப்பார், இரண்டும் சரியான விடையைத்தான் தரும். எண்கள் பெருகப் பெருக எது சீக்கிரம் முடிக்கும், ஏன் என்று கேட்பார். எது என்று மட்டும் எழுதி ஏன் என்று எழுதாதவனுக்கு முட்டை. "காசைச் சுண்டிப் போட்டாக்கூட பாதிப் பேர் சரியா சொல்லிடுவாங்க தம்பி, அதுக்கு எதுக்கு மார்க்கு?" என்பார். பிள்ளைகள் அழுவார்கள், பெற்றவர்கள் வந்து சத்தம் போடுவார்கள், அக்கா அசைய மாட்டார்.

கடையில் விற்கிற கைடு வேறு அவருக்குப் பரம எதிரி. அதில் ஒரு மந்திரம் இருக்கிறது: n எண்கள் இருந்தால், ஒரு லூப்புக்கு n தடவை வேலை, லூப்புக்குள் லூப் என்றால் n ஸ்கொயர். அர்த்தம் தெரியாமலே பிள்ளைகள் இதை ஒப்பிப்பார்கள். இந்த மந்திரத்தை உடைக்கவே அக்கா ஒரு பாடம் வைத்திருந்தார். ஏறுவரிசையில் அடுக்கிய எண்கள் இருக்கின்றன. அவற்றில் எந்த இரண்டைக் கூட்டினால் குறிப்பிட்ட தொகை வரும் என்று தேட வேண்டும். வெளி லூப்பில் i இடது ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக வலப்பக்கம் நகரும். உள் லூப்பில் j வலது ஓரத்திலிருந்து, கூட்டுத்தொகை அதிகமாக இருக்கிற வரைக்கும், இடப்பக்கம் இறங்கும். பார்த்தால் லூப்புக்குள் லூப்தான். ஆனால் j வலது ஓரத்தில் நிற்பது ஆரம்பத்தில் ஒரு தடவை மட்டுமே, அதுவும் இரண்டு லூப்புக்கும் வெளியே. i நகர நகர எண் பெரிதாகிறது, அதனால் இறங்கிய j மறுபடி ஏற வேண்டிய தேவையே இல்லை. ஆயிரம் எண்கள் இருந்தால் i ஆயிரம் தடவை நகரும், j மொத்தத்தில் அதிகம் போனால் ஆயிரம் தடவை நகரும். கூட்டினால் இரண்டாயிரம். கைடு மந்திரப்படி பத்து லட்சம்!

இதை விளக்க இரண்டு பிள்ளைகளை வகுப்பின் இரண்டு ஓரத்தில் நிறுத்தி நடக்கவிடுவார். j ஆக நிற்கிறவன் பழக்கதோஷத்தில் பழைய இடத்துக்கே திரும்பி ஓடுவான். "டேய், j கோவிச்சுக்கிட்டுப் போன மாப்பிள்ளைடா, திரும்பி வராது" என்று அக்கா கத்துவார். வகுப்பு சிரிக்கும். அவர் சிரிக்க வைத்தது வருடத்தில் அந்த ஒரு நாள்தான் என்று நினைக்கிறேன்.

அந்த வருடம் பல்கலைக்கழகத் தேர்வில் இதே கேள்வி வந்துவிட்டது. முதல் புரோகிராம் அக்காவின் i-யும் j-யும். இரண்டாவதில் ஒவ்வோர் எண்ணுக்கும் அதன் ஜோடியை, வரிசையைப் பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டே போகும் பைனரி சர்ச்சில் தேட வேண்டும். ஆயிரம் எண்ணில் ஒரு தேடலுக்குச் சுமார் பத்துப் பார்வை, ஆக மொத்தம் பத்தாயிரம். எது வேகம், காரணம் கூறு, பதினைந்து மதிப்பெண். முதல் புரோகிராம்தான் வேகம். ஆனால் விடைத்தாள் திருத்தும் முகாமில் எங்கள் கையில் கொடுத்த விடைக்குறிப்பு வேறு மாதிரி சொன்னது. முதலாவதில் லூப்புக்குள் லூப், எனவே n ஸ்கொயர், இரண்டாவதே வேகம் என்று இருந்தது. கைடைப் பார்த்து யாரோ ஒரு புண்ணியவான் எழுதியிருக்கிறார்.

பெரிய ஹால், நீள மேசைகள், மின்விசிறிக் காற்றில் தாள் பறக்காமல் இருக்க ஆளுக்கொரு கல். அக்கா விடைக்குறிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே தலைமைத் தேர்வாளரிடம் போனார். நான் பின்னாலேயே போனேன், அவர் வாய் எனக்குத் தெரியும்.

"சார், இது தப்பு. j-ஐ லூப்புக்கு உள்ளே திரும்ப ஓரத்துல வைக்கவே இல்லை. மொத்தமே n தான்."

தலைமைத் தேர்வாளர் கெட்டவர் இல்லை, களைத்துப் போனவர். வினாத்தாளைப் பார்த்தார். "கேள்வி எடுத்தவரு உள்ளேதான் வைக்கணும்னு நினைச்சிருப்பாரு மேடம். அச்சுல மாறியிருக்கும்."

"அவரு நினைச்சது பிள்ளைங்களுக்கு எப்படி சார் தெரியும்? அவங்க கையில இருந்தது அச்சான தாளு."

"சரி, n ஸ்கொயர்ங்கிறது மேல்வரம்புதானே? அதைத் தாண்டாதுன்னு சொல்றது பொய் இல்லையே?"

"பொய் இல்ல சார். ஆனா அதை வெச்சு இது மெதுவானதுன்னு எப்படிச் சொல்வீங்க? நான் ஒரு கோடிக்கு மேல செலவு பண்ண மாட்டேன், நீங்க ஒரு லட்சத்துக்கு மேல பண்ண மாட்டீங்க. அதனால நான்தான் ஊதாரின்னு ஆயிடுமா? நான் பத்து ரூபா மட்டும் செலவு பண்ணியிருக்கலாமே."

அவர் சிரித்துவிட்டார். எனக்கு நம்பிக்கை வந்தது. ஏற்கெனவே பாதிக்கு மேல் திருத்திக் கட்டி அனுப்பியாகிவிட்டது என்றும், மேலே கேட்டுச் சொல்வதாகவும், அதுவரை குறிப்பின்படி போடும்படியும் சொன்னார். அக்கா தன் இடத்துக்குத் திரும்பினார். அடுத்த தாளைப் பிரித்தவர் சட்டென்று வாய்விட்டுச் சிரித்தார். ஹாலே திரும்பிப் பார்த்தது. பெயரும் எண்ணும் கிழிக்கப்பட்ட அந்தத் தாளில், காரணம் வரி வரியாகச் சரியாக எழுதப்பட்டு, முடிவில் இப்படி ஒரு வாக்கியம் இருந்தது: j கோபித்துக்கொண்டு போன மாப்பிள்ளை போல, திரும்பி வராது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். தாளைத் தூக்கிக்கொண்டு மறுபடி போனார். "பாருங்க சார், எவ்வளவு அழகா எழுதியிருக்கு! இது நான் சொல்லிக் கொடுத்தது. இது என் பிள்ளைங்க தாளு சார்!"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. யாருடைய தாள் என்று திருத்துகிறவருக்குத் தெரியக்கூடாது, அது அங்கே முதல் விதி. தலைமைத் தேர்வாளரின் முகம் மாறிவிட்டது. "அப்போ இதுக்குத்தான் காலையிலேருந்து விடைக்குறிப்பை மாத்தச் சொல்றீங்களா மேடம்?" என்றார். அதற்குப் பிறகு அக்கா சொன்ன எந்தக் காரணமும் காரணமாகக் கேட்கப்படவில்லை. அவரைத் திருத்தும் பணியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த விடைத்தாள் கட்டை வேறொருவர் குறிப்பின்படி திருத்தினார். மாப்பிள்ளை வாக்கியத்துக்கு அருகே பூஜ்யம் விழுந்தது.

தாள் யாருடையது என்று முடிவு வந்தபோது தெரிந்தது. மொபைல் கடையில் வேலை பார்த்துக்கொண்டே படித்த பெண், எப்போதும் வாசலோரம் உட்காருவாள், கடைக்கு ஓட வசதியாக. மற்ற பாடமெல்லாம் முடித்துவிட்டாள், பாக்கி இது ஒன்றுதான். பத்து மதிப்பெண்ணில் போயிற்று. அவளுக்கு உறுதியாகியிருந்த வேலையும் அதோடு போயிற்று. விடைத்தாள் நகலை வாங்கிக்கொண்டு அக்காவிடம் வந்தாள்.

"நீங்க சொன்னதைத்தானே மேடம் எழுதினேன்?"

மறுமதிப்பீட்டுக்குப் போட்டார்கள், அதே குறிப்பை வைத்து அதே பூஜ்யம். அக்கா பல்கலைக்கழகத்துக்கு எழுதினார், நானும் கையெழுத்துப் போட்டேன். குழு ஒப்புதல் அளித்த குறிப்பில் மாற்றம் இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. ஏன் என்று அந்தப் பதிலில் எழுதியிருக்கவில்லை.

பட்டப்படிப்பை முடிக்கப் பல்கலைக்கழகம் தருகிற காலக்கெடுவில் அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு தேர்வுதான் மிச்சம். அதிலும் தவறினால் பட்டமே கிடையாது, இத்தனை வருடமும் தண்ணீரில் போட்ட மாதிரி. பல்கலைக்கழகத் தேர்விலோ அதே கேள்விகள்தான் சுற்றிச் சுற்றி வரும். "அக்கா, அந்தப் பொண்ணுக்குக் கைடுல இருக்கறதையே சொல்லிக் குடுங்க" என்றேன். நல்லதைத்தான் சொன்னேன், இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியவில்லை.

ஒரு வாரம் கழித்து அவரே அவளை வரச்சொன்னார். மதிய இடைவேளையில் எங்கள் மேசையில் வைத்துத்தான் பாடம். நான் சாப்பிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"லூப்புக்குள்ள லூப்பைப் பார்த்தா n ஸ்கொயர்னு எழுது."

"j இறங்கின இடத்துலயே இருந்தாலுமா மேடம்?"

"இருந்தாலும்."

"காரணம் கேட்டிருந்தா?"

அக்கா தண்ணீர் குடித்தார். "ஒவ்வொரு தடவையும் j முதல்லேருந்து தொடங்குதுன்னு எழுது."

"தொடங்கலையே மேடம்."

"எழுதும்மா."

அந்தப் பெண் பிடிவாதக்காரி, லேசில் விடவில்லை. அக்கா விடாமல் மறுபடி மறுபடி எழுத வைத்தார். பொய்க்காரணத்தை எப்படிப் பிசிறில்லாமல் எழுதுவது, எந்த வரியை அடிக்கோடிடுவது என்று, உண்மையை எவ்வளவு அக்கறையாக நடத்துவாரோ அதே அக்கறையோடு நடத்தினார். நான் டிபன் பாக்ஸை மூடி வைத்தேன்.

தேர்வில் அதே கேள்விதான், எண்களை மட்டும் மாற்றியிருந்தார்கள். அவள் பாஸ். முடிவு வந்த அன்று ஸ்டாஃப் ரூமுக்கே ஓடி வந்தாள். கடைச் சீருடையைக்கூட மாற்றவில்லை.

"மேடம், பதினைஞ்சுக்குப் பதினைஞ்சு போட்டிருக்காங்க!"

அக்கா எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பல நாட்களுக்குப் பிறகு அவர் முகம் தெளிந்து பார்த்தேன். அந்தப் பெண் போகத் திரும்பியவள் நின்றாள்.

"மேடம், ஒரு டவுட்டு. அந்த j நிஜமாவே திரும்பி முதல்லேருந்து வருமா, வராதா? எழுதி எழுதி எனக்கே குழம்பிப்போச்சு. இப்ப அந்த புரோகிராமைப் பார்த்தா திரும்பி வர்ற மாதிரிதான் தெரியுது."

அக்கா அவசரமாக ஒரு தாளை இழுத்து எண்களை வரிசையாக எழுத ஆரம்பித்தார். "இங்க பாரும்மா, i இங்க நிக்குது..."

"பரவால்ல மேடம், விடுங்க" என்றாள் அவள், வாசலிலிருந்தே. "அதான் பாஸாயிட்டேனே."