இடது மடிப்பு

ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், வெயில் எட்டிப் பார்க்காத ஒரு நீள அறையில் அவளுக்கு வேலை. ஆபரேஷனுக்குப் பயன்பட்ட கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் ஒரு பக்கம் அழுக்காக வரும். கழுவி, காயவைத்து, தட்டில் அடுக்கி, துணியில் பொதிந்து, நீராவி இயந்திரத்தில் வேகவைத்து, மறுபக்கம் சுத்தமாக அனுப்ப வேண்டும். இருபது வருஷமாக அதைச் செய்தாள். ஒரு இடுக்கியின் மூட்டில் பொட்டு அழுக்கு இருந்தால்கூட மொத்தத் தட்டையும் திருப்பி அனுப்பிவிடுவாள். அதனால் அவளுக்கு அங்கே ‘ரூலு’ என்று பெயர். பெரிய டாக்டரே வந்து அவசரம் என்று நின்றாலும், “ரூல்னா ரூல்தான் சார்” என்பாள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே போய்விடுவார்.

அந்தப் பெயரை வைத்தவள் அவளுக்கு எதிர் மேஜைக்காரி. இடக்கைக்காரி, அதனால் இடக்கை அக்கா. வாய் மூடாது. “ஏண்டி ரூலு, நீ செத்தா எமன்கிட்டயும் ரெண்டு கையெழுத்து கேப்பியா?” என்பாள். அங்கே ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு கையெழுத்து வேண்டும். கட்டியவர் ஒன்று, சரிபார்த்தவர் ஒன்று. இருபது வருஷம் ஒருத்தி கட்ட, மற்றவள் பார்த்தாள். புருஷன் பெண்டாட்டிகூட அப்படி ஒருத்தர் வேலையில் ஒருத்தர் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டு ஒற்றுமையாக இருந்துவிட முடியாது.

இடக்கை அக்காவின் பொட்டலத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். பொதி துணியை மடிக்க ஒரு முறை உண்டு. முதலில் இடது முனை, அதன் மேல் வலது முனை, கடைசியில் மேல் முனையைச் செருகி, பிரிப்பதற்கு ஒரு சின்ன வால் விட வேண்டும். இவள் கை வாகுக்கு எல்லாம் தலைகீழ். இடது முனைதான் மேலே கிடக்கும். வார்டு நர்சுகள் பிரிக்கும்போது திட்டுவார்கள். ரூலும் ஆரம்பத்தில் வெளுத்து வாங்கினாள். அப்புறம் விட்டுவிட்டாள். உலகத்தில் அவள் கண்டுகொள்ளாமல் விட்ட ஒரே விதிமீறல் அதுதான்.

பிறகு ரூலுக்கு வயிற்றில் கட்டி வந்தது. ஆபரேஷன் நன்றாகத்தான் முடிந்தது, புண்தான் ஆறவில்லை. சீழ் பிடித்து, மறுபடி திறந்து, திறந்தபடியே நாள்தோறும் கட்டுப் போட வேண்டியதாயிற்று. அதே ஆஸ்பத்திரி, மேல் மாடி வார்டு. கீழே இருந்துதான் அவளுக்கான கட்டுப் பொட்டலம் வரும். இடக்கை அக்கா வேலை முடிந்ததும் மேலே ஏறி வந்து, வார்டு வாசலிலேயே நின்று, “என்ன மகாராணி, இன்னும் எத்தனை நாளைக்கு நோகாம படுத்திருக்கிறதா உத்தேசம்?” என்று கத்திவிட்டுப் போவாள்.

ஒருநாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. வராமல் போன அந்த முதல் நாள் காலையில், வேலைக்கு நடுவே துணி மாற்றும் அறைக்குப் போய் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. மாரடைப்பு.

ரூலின் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர், சாது. அவருக்கு அன்றைக்கு எங்கிருந்து அப்படி ஒரு துணிச்சல் வந்ததோ, நேராக அடித்தளத்துக்குப் போய் மேலாளரிடம் கையெடுத்துக் கும்பிட்டார். “சார், ஏற்கெனவே புண்ணு ஆற மாட்டேங்குது. இதையும் சொன்னா மனசு விட்டுருவா. தயவுசெஞ்சு யாரும் சொல்லாதீங்க.” எல்லோரும் தலையாட்டினார்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தை நடத்தலாம் என்பார்கள். ஒரு சாவை மறைக்க ஆயிரம் போதாது. அக்காவுக்குச் சளி, உன் புண்ணுக்கு ஆகாது என்றார்கள். போன் போட்டுக் கொடுங்கள் என்றால், அவளுக்குத்தான் போன் என்றாலே ஆகாதே என்றார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஆளுக்கொரு செய்தி கொண்டுவந்தார்கள். “அக்கா உங்களக் கேட்டாங்க”, “அக்கா சீக்கிரம் வரச் சொன்னாங்க.” முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள். அவளும், “சரி, நானும் கேட்டேன்னு சொல்லுங்க” என்பாள்.

மாசக்கணக்கில் அப்படியே போயிற்று. வீட்டுக்கு வந்தாள், புண் மூடியது, நடந்தாள். வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். அன்றைக்குத்தான் எல்லோரும் முழித்தார்கள். வேலைக்குப் போனால் எதிர் மேஜை காலியாக இருக்குமே!

மேலாளர் அவளுக்குப் போன் செய்தார். “எப்ப வர்றீங்க, டாக்டர் என்ன சொல்லியிருக்காரு, இத்தனை மாசத்துல உங்களுக்கு என்னென்ன விட்டுப்போச்சு, அதை எப்படிப் பிடிக்கப் போறீங்கன்னு ஒரு மெசேஜ் போட்டுருங்கம்மா. அதை வெச்சுத்தான் ஷிப்ட் போடணும், மேல ஆபீசுக்கும் அனுப்பணும்.” போனை வைத்த கையோடு வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். “அண்ணே, திங்கக்கிழமைக்குள்ள சொல்லிருங்க. இங்க வந்து அவங்களா பார்த்துத் தெரிஞ்சுக்கக் கூடாது.”

“நாளைக்குச் சொல்லிடறேன் சார்,” என்றார் வீட்டுக்காரர். அந்த ‘நாளைக்கு’ வரவே இல்லை. சாப்பிடும்போது வாயைத் திறப்பார், “இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்து” என்று முடிப்பார்.

அவளோ இதெல்லாம் தெரியாதவள்போல மகளைக் கூட வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதினாள். கூட வேலை செய்கிறவர்களுக்குப் போன் போட்டு எது புதுசு, எது மாறியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். போனை எடுத்தவர்கள் எல்லாம் இயந்திரத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடாமல் பேசினார்கள். மகள், “போதும்மா, நாலு வரி போட்டா போதும்” என்றாள்.

“நாலு வரில எழுத நான் என்ன லீவு லெட்டரா எழுதறேன்? இருபது வருஷம் பார்த்த வேலைடி. போ, மிச்சத்த நானே எழுதிக்கறேன்.”

சனிக்கிழமை மதியம் மேலாளரின் போனுக்கு அது வந்தது.

“வணக்கம் சார். திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு வருகிறேன். டாக்டர் கொடுத்த தகுதிச் சான்றிதழைப் படம் எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முதல் நாலு வாரம் அரை நேரம்தான் வேலை செய்யலாம், கனமான தட்டைத் தூக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறார். அதனால் இயந்திரத்தில் ஏற்றி இறக்கும் வேலை இப்போதைக்கு வேண்டாம். மேஜை வேலை கொடுங்கள்.

எனக்கு விட்டுப்போனது: புது நீராவி இயந்திரம் வந்திருக்கிறது, அதன் பயிற்சியில் நான் இல்லை. தட்டுகளுக்கு இப்போது ஸ்கேன் செய்து ஸ்டிக்கர் ஒட்டுகிறீர்களாம், அதுவும் தெரியாது. எலும்பு ஆபரேஷன் தட்டுகளில் கருவிகளின் வரிசை மாறியிருக்கிறது. தீ விபத்துப் பயிற்சியும் தவறிப்போனது.

இதைப் பிடிக்க நான் நினைத்திருப்பது: முதல் வாரம் எதையும் தொடாமல் கூட நின்று பார்க்கிறேன், மாறிய குறிப்புகளைப் படிக்கிறேன். இரண்டாவது வாரத்திலிருந்து கட்டுகிறேன், ஆனால் இன்னொருவர் சரிபார்க்காமல் என் தட்டு எதுவும் போகக் கூடாது. இயந்திரத்திலிருந்து வந்ததைச் சரி என்று நான் கையெழுத்துப் போட்டு வெளியே விடுவது, நீங்கள் என்னை மறுபடி பரீட்சை பண்ணிப் பார்த்த பிறகுதான். பழைய ஆள் என்று விட்டுவிடாதீர்கள். கை மறந்திருக்கும்.

இன்னொன்றும் விட்டுப்போனது. இடக்கை அக்காவின் காரியத்துக்கு நான் போகவில்லை. திங்கட்கிழமை ஒரு மணி நேரம் தாமதமாக வர அனுமதி வேண்டும். அவள் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன். இதைப் பிடிக்க மட்டும் எனக்கு வழி தெரியவில்லை சார்.”

மேலாளர் இரண்டு தரம் படித்தார். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து மூன்றாம் தரம் படித்தார். பிறகு வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். “சொல்லிட்டீங்களா அண்ணே?”

“இல்லையே சார். நாளைக்கு...”

“அவங்களுக்குத் தெரியும்.”

வீட்டுக்காரர் ஷிப்ட் முடித்து, காக்கிச் சட்டையோடு வந்து சமையலறை வாசலில் நின்றார். அவள் வேலை உடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். இளைத்துப்போன உடம்புக்கு அதைப் பக்கவாட்டில் பிடித்துத் தைத்திருந்தாள்.

“எப்பத் தெரியும் உனக்கு?”

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “வார்டுல இருக்கும்போதே. எனக்கு வர்ற பொட்டலமெல்லாம் இடது மடிப்பா இருக்கும். நர்சு திட்டிக்கிட்டே பிரிப்பா, நான் சிரிச்சுக்குவேன். சளின்னு நீங்க சொன்னதுக்கு அப்புறமும் கொஞ்ச நாள் வந்துச்சு. பழசு முதல்ல போகணும்ல, அலமாரியில இருந்தது வந்திருக்கு. அப்புறம் எல்லாமே வலது மடிப்பு. சளின்னா ஒரு வாரம் வரும். அவ மடிப்பு வரவே இல்ல. உயிரோட இருந்தா அவ என் பொட்டலத்த இன்னொருத்தியக் கட்ட விட்டிருப்பாளா?”

“தெரிஞ்சா ஏன் கேக்கல?”

“யாராவது வந்து ‘அக்கா உங்களக் கேட்டாங்க’ன்னு சொல்வாங்கல்ல? அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும் அவ இருந்தா. நானா எதுக்கு அதக் கெடுக்கணும்?”

அவர் உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். பொய் சொன்னது தான்தான், ஆனால் அதை இத்தனை மாசம் தூக்கிச் சுமந்தது இவள் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. புண் திறந்த வயிற்றோடு சுமந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது.

“திங்கக்கிழமை நானும் உன்கூட வரேன்,” என்றார்.

“வாங்க. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு பண்ணுங்க.” அவள் வந்து அவர் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத்தான் உட்கார முடிந்தது. “இதுவரைக்கும் யாருமே என்கிட்டச் சொல்லல. நானா கண்டுபிடிச்சேன், நானா ஒத்துக்கிட்டேன். ரெண்டாவது கையெழுத்து இல்லாம எப்படிங்க? நீங்க சொல்லுங்க.”

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.  

“அக்கா போயிட்டாங்கம்மா. காலையில, வேலைக்கு வந்த இடத்துல. உனக்குக் கட்டிக்கிட்டிருந்த பொட்டலம் பாதியில மேஜையில இருந்துச்சாம்.”

அவள், செய்தி இப்போதுதான் வந்து சேர்ந்ததுபோல, “ஐயோ அக்கா” என்று தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.